போனில் வராத கேள்விகள்

அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்தவர் கடையின் பரிசோதகர். ஒல்லி உடம்பு, உரசினால் பற்றிக்கொள்ளும் தலை. பெயர் வைத்த அன்று அவள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். அதனாலேயே பெயர் நிலைத்துவிட்டது.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். அங்கே காது மெஷின் விற்றார்கள். பின்னறையில் சத்தம் நுழையாத ஒரு கூண்டு. அதற்குள் வாடிக்கையாளரை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து மெல்லிய ஒலிகளை அனுப்பி, எந்த ஒலிவரை கேட்கிறது என்று பரிசோதகர் தாளில் கோடு போடுவார். முன்னறையில் கண்ணாடிப் பெட்டி, நான்கு நாற்காலி, ஒரு மேசை, மேசையில் போன். அந்த மேசையில் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தவள் தீக்குச்சி.

பதினொரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மனிதர்களின் மேல் கோபம் வராமல் இருக்க முடியாது. கண் மங்கினால் கண்ணாடி போடுகிறார்கள், சட்டகத்துக்கு நிறம் தேடித் தேடி வாங்குகிறார்கள். காது மந்தமானால் மட்டும் ஏதோ திருட்டுப் பொருள் வாங்குவதுபோல் மாடிப்படியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறுகிறார்கள். கண் தெரியாமல் தடுமாறினால் கை கொடுக்கிற அதே ஆள், காது கேட்காமல் "என்ன?" என்று இரண்டாம் தடவை கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கிறான். காது மந்தம் என்றால் புத்தியும் மந்தம் என்று எந்த முட்டாள் கண்டுபிடித்தானோ, அந்தக் கண்டுபிடிப்பு மட்டும் இன்றுவரை பழுதாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒருநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை. நல்லவராக இருப்பதற்கு நேரமில்லாதவர்.

"ஏம்மா, நாள் பூரா ஒரே கேள்விக்குப் பத்துத் தடவை பதில் சொல்றியே, அலுக்கலையா?"

"அலுக்குது சார். அதுக்கு என்ன பண்ண?"

"வெளியில ஒரு கம்பெனி இருக்கு. போனை அவங்ககிட்ட குடுத்துட்டா அவங்களே பேசிக்குவாங்க. இந்த மேசையே வேண்டாம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்?"

"அதைத்தான் யோசிக்கறேன். பத்து மெஷின் வித்தா நாலு திரும்பி வருது. விக்கறதுல பாதி நேரம், திருப்பி வாங்கறதுல பாதி நேரம்னு போனா கடை எப்படி நடக்கும்? மூணு மாசம் பாக்கறேன். திரும்பி வர்றது குறைஞ்சா மேசை இருக்கட்டும். இல்லேன்னா என்னைக் கோவிச்சுக்காதே."

மெஷின் வாங்கியவர் பதினைந்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். கடையின் விதி அது. அந்தப் பதினைந்து நாளில்தான் அவளுடைய வேலை மாட்டிக்கொண்டது.

தீக்குச்சி அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவள் வழக்கம். கடந்த மூன்று மாதத்து நோட்டைப் புரட்டி, ஒரே சந்தேகத்தை வேறு வேறு விதமாகக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்தாள். "ஒண்ணு போதாதா", "ரெண்டு கட்டாயமா", "ஒத்தையா வாங்கினா கடைக்கு நஷ்டமா" எல்லாம் ஒரே கேள்வி. அறுநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகளும் கடைசியில் பதினான்கு கேள்விகளுக்குள் அடங்கிவிட்டன. எது அதிகம் வந்ததோ அது முதல். வாரம் ஒரு கேள்வி, புதன்கிழமை காலை பத்து மணி, கடையின் இணையப் பக்கத்தில் ஒரு பதிவு.

முதலாளிக்கு யோசனை பிடித்தது. "நல்லா இருக்கு. ஒரு தாத்தா பாட்டி சிரிக்கற மாதிரி படம் போடு. தலைப்பு ‘செவித்திறன் குறைபாட்டுக்கு நவீனத் தீர்வு’ன்னு வை."

"அப்படி யாரும் கேக்கலியே சார்."

"என்ன கேக்கலை?"

"பதினொரு வருஷத்துல ஒரு ஆள்கூட போன்ல ‘நவீனத் தீர்வு இருக்கா’ன்னு கேக்கலை. ‘ஒரு காதுக்கு மட்டும் வாங்கினா போதாதா’ன்னுதான் கேக்கறாங்க. அதையே தலைப்பா வெச்சாத்தான் தேடறவங்க கண்ணுல படும். பதிலை முதல் வரியிலேயே சொல்லிடணும். காரணம் அப்புறம். யாருக்கு இது தேவையில்லைங்கறதும் இருக்கணும்."

"தேவையில்லைன்னு நாமே சொல்றதா?"

"சொன்னாத்தான் தேவைன்னு சொல்றதை நம்புவாங்க."

பரிசோதகர் பின்னறைக் கதவில் சாய்ந்துகொண்டு, "குச்சி உரசிடுச்சு சார், கையை எடுத்துக்கோங்க" என்றார்.

முதல் பதிவு அந்தக் கேள்விதான். ஒரு காது மட்டும் மந்தமென்றால் பெரும்பாலும் ஒன்று போதும். இரண்டும் மந்தமென்றால் இரண்டுக்கும் போடுவது நல்லது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவும், கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்கவும் இரண்டு காதும் வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு பதிலையும் பரிசோதகர் படித்துத் திருத்திய பிறகே போட்டாள். அடியில் அவர் பார்த்துச் சரி சொன்னதாக ஒரு வரியும் இருந்தது.

இரண்டாவது வாரம்: காதில் எண்ணெய் விட்டால் சரியாகாதா? ஆகாது, விடாதீர்கள், அழுக்கு அடைத்திருந்தால் டாக்டர் எடுப்பார். இதற்கு வந்த வசவுகளை அவள் ரசித்துப் படித்தாள். மூன்றாவது: பரிசோதனை செய்யாமல் மெஷின் வாங்கலாமா? நான்காவது: வெளியே தெரியாத மெஷின் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் மந்தம் அதிகமென்றால் அந்தச் சின்னதற்குச் சக்தி போதாது. அதன் கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்தாள்: "கேட்காமல் தலையாட்டுவது மெஷினைவிட நன்றாக வெளியே தெரியும்." பரிசோதகர் அந்த வரியை அடிக்கவில்லை.

ஐந்தாவது: அம்மாவை மெஷின் போடவைப்பது எப்படி?

போனில் அதே கேள்வி வந்தால், பேசிக்கொண்டே பதிவின் இணைப்பை அனுப்பிவிடுவாள். படித்துவிட்டு வந்தவர்கள் நேரே வாங்கினார்கள். முன்னே ஆறு வாரத்தில் பன்னிரண்டு விற்ற கடையில் இப்போது இருபத்தொன்று. முதலாளி அவளுக்கு நாற்காலியில் போட ஒரு மெத்தை வாங்கிக் கொடுத்தார்.

ஆறாவது வாரக் கடைசியில் அதே முதலாளி, திருப்பித் தந்த பெட்டிகளைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். பதினொன்று.

"இது என்னம்மா?"

அவள் பெட்டிகளை ஒருமுறை எண்ணினாள்.

"பத்துக்கு நாலு வந்துக்கிட்டிருந்தது. இப்ப பாதிக்கு மேல வருது. சந்தேகத்தைத் தீர்க்கறேன்னே. தீர்த்துட்டே. சந்தேகமே இல்லாம திருப்பிக் குடுக்கறாங்க!"

அந்தப் பேச்சு நியாயமாக இருந்ததுதான் அவளை எரித்தது. சந்தேகம் தீர்ந்து வாங்கியவர்கள் ஏன் திருப்பித் தருகிறார்கள்? அன்று சாயங்காலம் வீட்டில் தட்டை நகர்த்திவைத்த வேகத்தில் கண்டக்டர், அதாவது அவள் புருஷன், "என்ன, இன்னிக்குப் பயணி யாரு, ரைட் குடுத்துடவா?" என்று கேட்டான். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவன். வீட்டில் ஜோக்கைத் தவிர வேறெதையும் உரக்கச் சொல்ல மாட்டான். அவள் போனை எடுத்து ஐந்தாவது பதிவின் கீழே வந்த கருத்துகளைப் படித்தாள்.

"பயனுள்ள பதிவு." "எங்கப்பாவும் இப்படித்தான், பிடிவாதம்." "வயசானா குழந்தை மாதிரி, நாமதான் கட்டாயப்படுத்தணும்."

அதற்குக் கீழே இப்படி ஒன்று இருந்தது: "இந்தக் கேள்வியைக் கேட்டது எந்த அம்மா?"

அதே ஆள் இன்னொரு வரியும் எழுதியிருந்தார். "நான்தான் அம்மா. எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் பதிவு ஐந்திலும் கீழே ‘சந்தேகமா? உடனே போன் செய்யுங்கள்’ என்று இருக்கிறது. காது கேட்காதவள் போனில் எப்படிக் கேட்பாள்? இதற்கும் பதில் போடவும்."

தீக்குச்சி அந்த வரியை மூன்று தடவை படித்தாள்.

காது மெஷின் விற்கிற கடை. பதினொரு வருடமாக வாடிக்கையாளர்களின் கேள்வியைப் போனில் சேகரித்தவள். அந்த நோட்டைத் தன் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அறுநூற்றுப் பன்னிரண்டு அழைப்பில் ஒன்றுகூட மெஷினைக் காதில் மாட்டப்போகிற ஆளிடமிருந்து வந்திருக்க முடியாது. மகன் கேட்டான், மகள் கேட்டாள், மருமகன் கேட்டான். காசு கொடுப்பவனின் சந்தேகத்தை அவள் ஒவ்வொரு புதன்கிழமையும் சுத்தமாகத் துடைத்து எடுத்திருக்கிறாள். அவன் தயங்காமல் வாங்கிவிட்டான். காதுக்குச் சொந்தக்காரரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விற்பனை ஏறியதற்கும் திரும்பி வந்தது கூடியதற்கும் காரணம் ஒன்றுதான்.

"என்னடி ஆச்சு?" என்றான் கண்டக்டர்.

"நான் ஒரு முண்டம்."

"அதைக் கண்டுபிடிக்க இத்தனை நேரமா?"

மறுநாள் காலை கடை திறந்ததும் திருப்பித் தந்தவர்களின் ஏட்டை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் பதினொரு தடவையும் அவள் கையெழுத்து. "பிடிக்கவில்லை - மகன்." "போட மாட்டேங்கிறார் - மகள்." "வேண்டாமாம் - மருமகன்." கருத்து எழுதிய அம்மாவின் பெயரும் அதில் இருந்தது. ஒன்பதாம் நாள் திருப்பித் தந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் மகன்.

"மெஷின்தான் திருப்பிக் குடுத்தாச்சே மேடம்."

"டீச்சரைப் பாக்கணும்."

"எங்கிட்டயே கேளுங்க. அவங்களுக்குக் கேக்காது."

"தெரியும் தம்பி. அந்த வியாபாரம்தான் பண்றேன்."

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தித்தாளின் கணக்குப் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தார். தீக்குச்சி வெளிச்சம் தன் முகத்தில் விழுமாறு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். கத்தவில்லை. வாய் அசைவு தெரியும்படி நிதானமாகப் பேசினாள். புரியாததை நோட்டில் எழுதிக் காட்டினாள்.

"டீச்சர், மெஷினை ஏன் திருப்பிக் குடுத்தீங்க?"

"அம்மாவுக்கு அது ஒத்துக்கலைங்க" என்றான் மகன்.

தீக்குச்சி திரும்பினாள். "நான் உங்களைக் கேட்டேனா?"

"இல்ல, நான் சொல்றேன்..."

"உங்க காதா அது?"

மகன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். டீச்சர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து என்ன நடந்தது என்று ஊகித்துக்கொண்டார். அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு.

"நான் குடுக்கலைம்மா. எடுத்துக்கிட்டுப் போனாங்க. மாட்டின உடனே என் குரல் பீப்பாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. பேப்பரைப் புரட்டினா தகரத்தைக் கிழிக்கிற சத்தம். மெஷின் கெட்டுப்போச்சா, என் மூளை கெட்டுப்போச்சான்னு தெரியலை. கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். என் குரலே எனக்குப் பயமா இருந்துச்சு, மூடிக்கிட்டேன். சாப்பிடறப்ப பாத்திரச் சத்தம் தாங்காம கழட்டி வெச்சேன். இவன் பார்த்துட்டு, ‘பிடிக்கலேல்ல, விடு’ன்னு பெட்டியில போட்டு மூடிட்டான்."

"அம்மா கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..." என்றான் மகன்.

கஷ்டப்படக் கூடாதாம். முப்பத்தைந்து வருடம் ஐம்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே பெருக்கல் சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு கேள்வி கேட்க விடாததற்கு அன்பு என்று பெயர். இந்த அன்பைப்போல ஆளை ஊமையாக்குகிற கொடுமை வேறில்லை. அடித்தால் அழலாம், அவமதித்தால் எதிர்த்துப் பேசலாம். "உனக்கெதுக்கம்மா சிரமம்" என்பவனை என்ன செய்வது?

டீச்சரின் பிரச்சினைக்குக் காரணம் தீக்குச்சிக்குத் தெரியும். பரிசோதகர் பின்னறையில் நூறு தடவை சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆனால் அந்த நூறு தடவையும் அவர் அதை மகன்களிடம்தான் சொன்னார் என்பது இப்போதுதான் உறைத்தது.

அன்றும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஏழு வீடுகளுக்குப் போனாள். மற்ற நாலு பேருக்குச் செய்தி அனுப்பி எழுத்தில் பதில் வாங்கினாள். பதினொரு பேரில் எட்டுப் பேர் ஒரே கேள்வியை வைத்திருந்தார்கள். மூன்று மாத நோட்டில் அந்தக் கேள்வி ஒருதடவைகூட இல்லை.

புதன்கிழமைப் பதிவுக்குத் தலைப்பு டீச்சரின் வார்த்தைகளிலேயே தயாரானது: "என் குரல் எனக்கே பீப்பாய்க்குள் பேசுவதுபோல் கேட்கிறது. மெஷின் கெட்டுப்போச்சா?"

முதல் வரி: "பெரும்பாலும் இல்லை. உங்கள் மூளையும் கெடவில்லை." அப்புறம் காரணம். மெஷினின் நுனி காதுத் துவாரத்தை அடைக்கிறது. வெளியே போக வேண்டிய உங்கள் குரல் உள்ளேயே முட்டுகிறது. பல வருடம் கேட்காத சின்னச் சத்தங்கள் திடீரென்று வருவதால் மூளைக்கு எல்லாமே பெரிதாகத் தெரிகிறது. முதலில் அமைதியான அறையில் கொஞ்ச நேரம் போடுங்கள், நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். குறையவில்லை என்றால் நுனியையும் ஒலி அளவையும் மாற்ற முடியும், கடைக்கு வாருங்கள். வலித்தாலோ, சீழ் வந்தாலோ, கேட்பது திடீரென்று நின்றாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

"ஒரு வாரத்துல பழகிடும்னு எழுதியிருக்கே" என்றார் பரிசோதகர், பேனாவை எடுத்து. "தப்பு. சிலருக்கு ஒண்ணு ரெண்டு வாரம். பல பேருக்கு ஒரு மாசத்துக்கு மேலயும் ஆகும்."

"அப்படியே எழுதிடறேன் அண்ணே."

பதிவின் அடியில் போன் எண்ணை எடுத்துவிட்டு, எழுதிக் கேட்பதற்கான எண்ணைப் போட்டாள். "காதில் மாட்டுபவரே எழுதுங்கள்" என்றும் சேர்த்தாள். எழுதினார்கள். மத்தியானத்துக்குள் முப்பத்துநான்கு பேர். ஒருவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒருவர் தறிக்கூடத்தில் காது போனவர், ஒரு பெண் நாற்பது வயதில் வேலை போய்விடுமோ என்று மறைத்துவைத்திருப்பவர். காது போனாலும் கண்ணும் கையும் இருக்கிறவர்கள். யாரும் கேட்காததால் பேசாமல் இருந்தவர்கள்.

சாயங்காலம் டீச்சரின் கருத்து வந்தது.

"பதில் தெளிவு. நன்றி. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்கிறீர்கள். திருப்பித் தர பதினைந்து நாள்தான் என்கிறீர்கள். பழகுவதற்குள் கெடு முடிந்துவிடும் என்று தெரிந்தால் எந்த மகனும் முன்கூட்டியே திருப்பித் தரத்தானே செய்வான்? இது எந்த வாய்ப்பாடு?"

முதலாளி படியேறி வந்த சத்தத்திலேயே அவர் கோபம் தெரிந்தது.

"யாரைக் கேட்டு எழுதினே?"

"உங்க கடையில மெஷின் மாட்டினவங்களைக் கேட்டு எழுதினேன் சார்."

"வாங்கறதுக்கு முன்னாடி வர்ற சந்தேகத்துக்குத்தானே இந்தத் தொடர்? வாங்கின பிறகு வர்ற கஷ்டத்தை முன்னாடியே சொன்னா எவன் வாங்குவான்?"

"சொல்லாம வித்ததுக்குத்தான் பதினோரு பெட்டி அடுக்கினீங்க. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி அலமாரியில போட்டு வெச்சிருக்கறதைப் பார்த்துட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. ‘எனக்கும் அப்படி ஆகுமா’ங்கறதுதான் வாங்கறதுக்கு முன்னாடி வர்ற முதல் சந்தேகம். போன் பண்றவங்க அதைக் கேக்கலை, ஏன்னா அவங்க காதுல அது கேக்கப்போறதில்லை."

"ஒரு மாசம்ங்கறதை ‘சில நாட்கள்’னு மாத்து. அந்த டீச்சரம்மா கருத்தை அழிச்சிடு."

"மாட்டேன்."

"மேசை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். மேசைக்காகப் பொய் எழுத முடியாது."

முதலாளி பின்னறைப் பக்கம் திரும்பினார். பரிசோதகர் வெளியே வந்தார். வழக்கமான சிரிப்பு முகத்தில் இல்லை. "நான் பார்த்துச் சரின்னு சொன்ன பதில். மாத்தறதா இருந்தா கீழே இருக்கற என் வரியை எடுத்துட்டு மாத்திக்கோங்க. கேக்கறவங்களுக்கு ஏன் எடுத்தீங்கன்னு நானே எழுதிடறேன்."

பதிவில் கை வைக்க முதலாளிக்குத் துணிவில்லை. டீச்சரின் கருத்தை மட்டும் தன் போனிலிருந்து அழித்தார். "அடுத்த ஒண்ணாம் தேதியிலிருந்து போன் வெளியில போயிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தீக்குச்சி மேசையின் இழுப்பறையைக் காலி செய்தாள். நோட்டுகளை ஒரு பையில் போட்டாள். அழவில்லை. அழுவதற்குத் தேவையான ஈரத்தைக் கோபம் விட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை காலை. நான்கு நாற்காலியும் நிரம்பியிருந்தன. ஒரு அப்பாவும் மகளும். தனியாக வந்த தறிக்கூடக்காரர். அவர் பக்கத்தில் டாக்டர் சீட்டை உருட்டிக்கொண்டு இன்னொருவர். முதலாளி அந்த மகளிடம் புது மெஷினின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது டீச்சர் படியேறி வந்தார். பின்னால் மகன். டீச்சர் கையில் ஒரு பெரிய தாள். அதை முதலாளியின் முன் கண்ணாடிப் பெட்டியின் மேல் விரித்தார். எல்லாருக்கும் தெரியும் அளவுக்குக் கொட்டை எழுத்து: "பழக ஒரு மாதம். திருப்ப பதினைந்து நாள். ஏன்?"

முதலாளி அதைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "தம்பி, அது கம்பெனி விதி, அம்மாகிட்ட சொல்லுங்க..."

டீச்சர் கண்ணாடியைத் தட்டினார். வகுப்பில் டஸ்டரால் மேசையைத் தட்டுவதுபோல. "கேட்டது நான். என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"அம்மா, அது வந்து..."

"மெதுவா. வாயைக் கையால மறைக்காம."

முதலாளி கையை எடுத்தார். மகளோடு வந்த பெரியவர் தாளை எட்டிப் படித்துவிட்டு, மகளைக் கேட்காமல் நேரே முதலாளியிடம், "ஆமா, பதினைஞ்சு நாளா? அப்ப எனக்கு வேண்டாம்" என்றார். தறிக்கூடக்காரர், "நானும் அதைக் கேக்கத்தான் வந்தேன். எழுதிக் கேட்டேன், பதில் வரலை" என்றார்.

வரவில்லை. ஏனென்றால் தீக்குச்சி அந்தக் கேள்விக்குப் பதில் போடவில்லை. உண்மையான பதில் அவள் கையில் இல்லை. பொய்யான பதிலை எழுத மாட்டாள். இப்போது அவள் மேசையிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள்.  முதலாளி தாளையும் நாலு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். 

"சரி" என்றார் முதலாளி. "நாற்பத்தஞ்சு நாள். போதுமா?"

"என்ன சொன்னீங்க?" என்றார் டீச்சர்.

"நாற்பத்தஞ்சு நாள்!" கத்தினார்.

"எழுதிக் குடுங்க. வாயால சொன்னா எனக்குக் கேக்காது."

பெரியவர் சிரித்தார். தறிக்கூடக்காரர் என்ன என்று கேட்க, டீச்சரின் மகனே அவருக்கு எழுதிக் காட்டினான். முதலாளி அதே தாளில், கேள்விக்குக் கீழே, நாற்பத்தைந்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அதைப் படித்துப் பார்த்து, பேனாவை வாங்கி, "இடையில் சரிசெய்யக் கட்டணம் இல்லை" என்று சேர்த்து மறுபடி நீட்டினார். அதற்கும் கையெழுத்து வாங்கினார்.

புதன்கிழமைப் பதிவு அந்தத் தாளின் படம்தான். தீக்குச்சி அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒன்றாம் தேதி வந்து போனது, போன் மேசையிலேயே இருந்தது. மூன்று மாதக் கெடு முடிந்த நாளில் முதலாளி கணக்குப் பார்த்தார். அந்தப் பதிவுக்குப் பிறகு பதினேழு மெஷின் விற்றிருந்தது, இரண்டு திரும்பியிருந்தது. நாற்பத்தைந்து நாள் இன்னும் முடியவில்லையே என்று பரிசோதகர் நினைவூட்டினார். முதலாளி கேட்காததுபோல் இருந்தார். "மேசை இருக்கட்டும்" என்றார் தீக்குச்சியிடம், பெரிய உபகாரம் செய்பவரைப்போல. "இப்ப சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் எப்படி சார் வரும்? அந்தப் பதினோரு பேர்கிட்டயும் யாரும் கேக்காமத்தானே பிடுங்கிட்டு வந்தாங்க. டீச்சர் தானே வந்து வாங்கிக்கிட்டாங்க. மத்த பத்துப் பேருக்கும் மறுபடி நாற்பத்தஞ்சு நாள் குடுக்கணும்."

"உன்னை வெச்சுக்கிட்டு..." என்று தொடங்கிய முதலாளி, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். ஆட்டியது போதும் அவளுக்கு.

அந்தப் பத்துப் பேருக்கான கடிதங்களை வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். கண்டக்டர் உறைகளை ஒட்டிக்கொண்டே விலாசங்களைப் படித்தான்.

"எல்லாம் பெரியவங்க பேருக்கே போகுது. பில்லு மகன் பேர்லதானே இருக்கு? அவங்களுக்குப் போட வேண்டாமா?"

தீக்குச்சி நிமிராமல் அடுத்த உறையை எடுத்தாள்.

"எதுக்கு? மகனுக்குக் காது நல்லாத்தானே இருக்கு."